வெயில் விழுந்த நேரத்து லக்னம்

கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய காலையில், எதிரே வருபவரை முகத்தை வைத்து யாரும் அடையாளம் காண்பதில்லை. முதலில் தெரிவது நடை. கொஞ்சம் கிட்டே வந்தால் தோளும் உயரமும். குல்லாவுக்குக் கீழே கண்ணும் மூக்கும் தெரிவதற்குள், "யாரோ வாத்தியார் மாதிரி இருக்கார்", "எஸ்டேட் ஆள் போல" என்று மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். அவர் வாய் திறந்து பேசுவதெல்லாம் அதற்கப்புறம். ஜாதகத்தில் முதல் பாவம், அதாவது லக்னம் விழும் முதல் கட்டம், பேசுவது பெரும்பாலும் அந்த முடிவைப் பற்றித்தான். ஒருவர் உண்மையில் எப்படிப்பட்டவர் என்பதற்குப் பதினொரு கட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் மற்றவர் அவரை எப்படி வாசிக்கிறார்கள் என்பது லக்னத்தின் வேலை.

நம்மூரில் "உங்க ராசி என்ன?" என்று கேட்பார்கள். லக்னத்தைக் கேட்பவர் குறைவு. ராசி என்றால் பிறந்தபோது சந்திரன் நின்ற இடம். அது ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கும், அதனால் பிறந்த மணி கொஞ்சம் முன்பின் ஆனாலும் ராசி பெரும்பாலும் மாறாது. லக்னம் அப்படியில்லை. பிறந்த கணத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி ஏறிக்கொண்டிருந்ததோ அது லக்னம். நம் அட்சரேகையில் மீனம் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஏறி முடித்துவிடும். மிதுனம் இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். சராசரியாகப் பாகை ஒன்றுக்கு நான்கு நிமிடம். ஒரே நாளில் பிறந்த இருவருக்கு ராசி ஒன்றாக இருந்தும் ஆள் பார்க்க வேறு மாதிரி இருப்பதற்கு ஜோதிடம் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

இணையத்தில் உலவும் "மேஷ லக்னக்காரர் இப்படி இருப்பார், ரிஷப லக்னக்காரர் அப்படி இருப்பார்" பட்டியல்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வட்டமான கண், பலவீனமான முழங்கால், வேகமான வளைந்த நடை, அகன்ற முகம், பருத்த தொடை என்று வரும் வர்ணனைகளில் பல, பழைய ஜோதிட ஆசிரியர் வராகமிகிரர் தம் பிருஹத் ஜாதகம் என்ற நூலில் சந்திரன் நின்ற ராசிக்குச் சொன்னவை. அதையும் சும்மா சொல்லவில்லை: ராசியும் ராசிநாதனும் சந்திரனும் பலமாக இருந்தால்தான் முழுசாகப் பொருந்தும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே தூக்கி லக்னத்தின் மேல் வைத்துவிட்டார்கள். உடலமைப்புக்கு அவர் தனியாகச் சொன்ன விதி வேறு. லக்னம் விழுந்த நவாம்சத்தின் அதிபதி எந்தக் கிரகமோ அந்தக் கிரகத்தைப் போல உடல் அமையும், அல்லது ஜாதகத்தில் மிகவும் பலம் பெற்ற கிரகத்தைப் போல அமையும். நிறம் சந்திரன் நின்ற நவாம்சத்தின் அதிபதியைப் பொறுத்தது.

நவாம்சம் என்பது ராசியின் முப்பது பாகையை ஒன்பதாக வெட்டியதில் ஒரு துண்டு, மூன்று பாகை இருபது கலை. நேரத்தில் சொன்னால் பதின்மூன்று பதினாலு நிமிடம். இங்கேதான் மலைக்காரர்களுக்குச் சிக்கல். சென்னைக்கும் கோத்தகிரிக்கும் தீர்க்கரேகையில் மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம், அதாவது சுமார் பதின்மூன்று நிமிடம். சென்னைக்குக் கணித்த லக்ன அட்டவணையை வைத்துக்கொண்டு கோத்தகிரிப் பிள்ளைக்கு ஜாதகம் எழுதினால், லக்னம் தப்பாவிட்டாலும் நவாம்சம் ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். உடலைச் சொல்வதே அந்த நவாம்சம்தான் என்றால், எந்த ஆளின் உடலைச் சொல்கிறோம்?

இதைவிடப் பெரிய சிக்கல் மலை முகடு.

ஐம்பது வருடத்துக்கு முன் இங்கே வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடிகார நேரம் கிடைப்பது அபூர்வம். தோட்டத்துச் சங்கு ஊதிய நேரம், மாடு கறந்த நேரம், வெயில் வந்த நேரம் என்றுதான் பாட்டிமார் சொல்வார்கள். அதில் வெயில் வந்த நேரம் என்பதைக் கேட்டதும் கீழே சமவெளியில் இருக்கும் ஜோதிடர் "சரி, சூரியோதயம்" என்று எழுதிவிடுவார். சூரியோதயம் என்றால் கணக்கு மிகவும் சுலபம்: அந்த நேரத்தில் சூரியன் நிற்கும் பாகையே லக்னப் பாகை. ஆனால் லக்னத்துக்குக் கணக்கில் வரும் அடிவானம் எந்தத் தடையும் இல்லாத கற்பனையான சமதளம். வீட்டுக்குக் கிழக்கே ஒரு முகடு நின்றால், பஞ்சாங்கத்துச் சூரியன் உதித்து அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் முற்றத்தில் வெயில் விழும். நேர்மாறாகவும் நடக்கும். கோடநாடு காட்சிமுனை போலச் சமவெளியைப் பார்த்து நிற்கும் விளிம்பில், உயரத்தின் காரணமாக அடிவானமே தாழ்ந்திருக்கும், பஞ்சாங்க நேரத்துக்கு நாலைந்து நிமிடம் முன்னதாகவே சூரியன் தெரிந்துவிடும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கும் வெயில் வந்த நேரம் ஒன்றாகாது.

என்னிடம் வந்த ஒரு ஜாதகத்தை வைத்து இதை விரிவாகச் சொல்கிறேன். அவர் ஐம்பதைத் தாண்டியவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊர், பெயர் வேண்டாம். நான் யாருக்கும் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பற்றி நாலு வரி எழுதிக்கொள்வேன். கட்டத்தைப் பார்த்துவிட்டால் கண் கட்டத்தில் இருப்பதைத்தான் ஆளிடம் தேடும். அவரைப் பற்றி எழுதியது இது: ஒல்லி, உயரம், கை நீளம், கழுத்தில் நரம்பு தெரிகிறது. உட்கார்ந்த பிறகு பேச நேரம் எடுத்துக்கொண்டார். பேச ஆரம்பித்ததும் கேள்விதான் கேட்டார். வயசு கணிக்க முடியவில்லை, நாற்பத்தைந்தும் சொல்லலாம், அறுபதும் சொல்லலாம். கடுகடு முகம், ஆனால் வழி கேட்பதென்றால் இவரிடம்தான் கேட்கத் தோன்றும்.

அவர் நீட்டிய நோட்டில் ரிஷப லக்னம். பிறந்தது வைகாசி 29. சூரியன் ரிஷபத்தில் 27 பாகை, லக்னமும் அதே 27 பாகை. மேட்டுப்பாளையத்தில் எழுதி வாங்கியதாம். கேதுவும் ரிஷபத்தில், சூரியனுக்குப் பக்கத்திலேயே. சனியும் புதனும் மிதுனத்தில். செவ்வாய் கடகத்தில். குருவும் சந்திரனும் கும்பத்தில், பூரட்டாதி நட்சத்திரம்.

"அண்ணே, நீங்க பொறந்த நேரம் யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"எங்க பாட்டி சொன்னதுதான் தம்பி. முத்தத்துல வெயில் விழுந்துது, அப்புறந்தான் நான் அழுதேன்னு சொல்லும்."

"வீடு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"பள்ளத்துல. கெழக்கால முழுக்க மலை."

ரிஷப லக்னம் என்றால் லக்னத்தில் சூரியனும் கேதுவும். அகன்ற முகம், கட்டான உடம்பு, உள்ளே நுழைந்ததும் அறையின் கவனத்தை இழுக்கிற ஒரு சூடு. சூரியன் லக்னத்தில் ஏறினால் ஆள் வாய் திறப்பதற்கு முன்பே மற்றவர் ஒரு படி தள்ளி நிற்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அப்படி இல்லை. ஆனால் இதை வைத்து உடனே லக்னம் தப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, ஏன் என்று பின்னால் வருகிறேன். முதலில் வெயிலைப் பார்ப்போம்.

இதில் ஒரு வசதி உண்டு. மலை நகராது. சூரியனும் வருடா வருடம் அதே தேதியில் அதே பாதையில்தான் ஏறும். வைகாசி கடைசியில் அந்த முற்றத்தில் போய் நின்றால் அவர் பிறந்த அன்று வெயில் விழுந்த நேரம் ஏறத்தாழ கிடைத்துவிடும். அந்தத் தேதி தவறினால் ஆனி நடுவில் போகலாம். சூரியன் வடக்கே போய்த் தெற்கே திரும்பும் நாளுக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் இருக்கும் நாட்களில் சூரியன் ஒரே இடத்தில் உதிக்கும். மார்கழியில் போனால் பிரயோஜனம் இல்லை. சூரியன் தெற்கே வேறொரு முகட்டின் மேல் ஏறும். கோத்தகிரிப் பக்கம் தொட்டபெட்டா மலை தென்மேற்குப் பருவமழையை ஓரளவு தடுத்துவிடுவதால் ஆனியிலும் வெயில் காலை கிடைக்கும். கூடலூரில் இது நடக்காது.

அந்தப் பக்கத்தில் பஞ்சாங்க உதயம் ஆறு மணியை ஒட்டி. முற்றத்தில் வெயில் விழுந்தது 6.35க்கு. முகட்டின் மேல் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஐம்பது வருடத்துக்கு முன் அவை இருந்திருக்காவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். சூரியன் 27 பாகையில் இருக்கும்போது ரிஷபம் முடிய மூன்று பாகைதான் பாக்கி. 6.15 வாக்கிலேயே ரிஷபம் முடிந்து மிதுனம் ஏறத் தொடங்கிவிடும். 6.35க்கு லக்னம் மிதுனத்தில் ஐந்து பாகை. முகட்டைக் கணக்கில் எடுத்த உடனே லக்னம் ஒரு கட்டம் தாண்டிவிட்டது. அழுகைச் சத்தம் வெயிலுக்குப் பின் என்று பாட்டி சொன்னதும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

இப்போது ஆளைப் பாருங்கள். மிதுனம் லக்னம், லக்னாதிபதி புதன் சொந்த வீட்டிலேயே லக்னத்தில். கூடவே சனி. புதன் இளமையைக் கொடுக்கும், சனி வயசைக் கொடுக்கும். இரண்டும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தால் வயசு கணிக்க முடியாத ஆள். மிதுனத்துக்கு நீண்ட கை, கேள்வி கேட்கும் சுபாவம். சனி லக்னத்தில் இருப்பதால் முதல் பேச்சு தாமதம், முகம் கடுப்பு. அப்படியானால் வழி கேட்க இவரிடம் போகத் தோன்றுவது ஏன்? கும்பத்தில் இருக்கும் குருவின் ஐந்தாம் பார்வை மிதுனத்தில் விழுகிறது, லக்னத்தையும் சனியையும் சேர்த்துப் பார்க்கிறது. ரிஷப லக்னமாக இருந்தால் அந்தப் பார்வை லக்னத்துக்குக் கிடைக்காது. முதல் பாவத்தில் கிரகம் எது என்று பார்ப்பவர்கள், அதை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். முகம் ஒன்று சொல்லி, அந்த முகத்தைப் பார்ப்பவர் மனம் வேறொன்று நினைப்பது பெரும்பாலும் பார்வையின் வேலை.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் எதிர்க்கட்சி வாதத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

ரிஷப லக்னத்துக்கும் சனியும் புதனும் இரண்டாம் இடத்தில் இருக்கிறார்கள். இரண்டாம் இடம் முகம், வாக்கு. அங்கே சனி இருந்தாலும் முகம் கடுப்பாகவும் பேச்சு தாமதமாகவும் வரும். கேள்வி கேட்கும் சுபாவத்துக்கு அங்கே புதனும் இருக்கிறார். ஒல்லியும் நரம்பு தெரியும் கழுத்தும் என்ன ஆயிற்று என்றால், சந்திரன் கும்பத்தில் இருப்பவருக்கு ஒட்டகக் கழுத்து, நரம்பு தெரியும் நீண்ட உடம்பு என்று வராகமிகிரரே எழுதியிருக்கிறார். சந்திரன் லக்னத்தைப் பொறுத்து மாறாது. ஆக நான் எழுதிய நாலு வரியில் பாதிக்கு மேல் இரண்டு லக்னத்துக்கும் பொருந்துகிறது. கெட்டிக்காரரான எந்த ஜோதிடரும் எந்த லக்னத்தைக் கொடுத்தாலும் எதிரே இருக்கும் முகத்தை அதிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவார். தோற்றத்தை வைத்து லக்னம் திருத்துகிறேன் என்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

நவாம்சம் இதைத் தீர்க்குமா? மிதுனம் ஐந்து பாகை என்றால் நவாம்ச லக்னம் விருச்சிகம், அதிபதி செவ்வாய். செவ்வாய்க்கு மெலிந்த இடை. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரம் ஏழு நிமிடம் தாமதமானால் அது தனுசு, எட்டு நிமிடம் முன்னால் வந்தால் துலாம். வெயில் விழுந்ததற்கும் பிள்ளை அழுததற்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று எந்தப் பாட்டியும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இந்த ஜாதகத்துக்கு நவாம்சத்தை வைத்து உடலைச் சொல்ல நமக்கு அருகதை இல்லை.

பிறகு தேச கால வர்த்தமானம். இந்த மலையில் கன்னம் சிவந்து வெடிப்பது குளிரால், செவ்வாயால் இல்லை. தலையில் பட்டை மாட்டிக் கூடை சுமந்து கொழுந்து பறித்தவருக்குத் தோள் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த தோள் கன்னி ராசிக்குச் சொன்ன அடையாளம். சரிவில் ஏறி இறங்கிப் பழகியவர் சமதளத்தில் நடந்தால் முன்பக்கம் சாய்ந்து வேகமாகப் போவார், பார்ப்பவர் கடக லக்னம் என்பார். குறுக்கே இருக்கும் வீட்டுக்காரர், அவர் தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் இருக்கும் அடையாளத்தை ஒருவருடைய லக்னத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் குடும்பத்திலும் அந்த ஊரிலும் எவரிடமும் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தால் அதுதான் லக்னத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. இவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் குள்ளம், பருத்த உடம்பு. அதனால்தான் அவருடைய ஒல்லியை நான் கணக்கில் எடுத்தேன்.

வடு, மச்சம் பார்க்கும் முறை கொஞ்சம் கறாரானது. லக்னம் ராசியின் எந்தத் திரேக்காணத்தில், அதாவது மூன்றில் எந்தப் பங்கில், விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் பத்துப் பாகை என்றால் பன்னிரண்டு கட்டங்களும் தலைப்பகுதி உறுப்புகளாகப் பிரியும்: லக்னம் தலை, இரண்டும் பன்னிரண்டும் கண், மூன்றும் பதினொன்றும் காது என்று போகும். நடுப் பத்து என்றால் கழுத்திலிருந்து நாபி வரை. கடைசிப் பத்து என்றால் அடிவயிற்றிலிருந்து பாதம் வரை. ரிஷபம் 27 கடைசித் திரேக்காணம், மிதுனம் 5 முதல் திரேக்காணம். தீமை தரும் பாவக் கிரகம் நிற்கும் உறுப்பில் காயம் வரும், சனியானால் கல்லாலோ வாதத்தாலோ, புதனானால் மண்ணில் விழுந்து என்று காரணமும் சொல்லியிருக்கிறது. மிதுன லக்னத்துக்குச் சனியும் புதனும் லக்னத்தில், அதாவது தலையில்.

குல்லாவைக் கழற்றச் சொன்னேன். நெற்றிக்கு மேலே, முடிக்குள் ஓடும் நீளமான தழும்பு. எட்டு வயதில் கல் படியில் விழுந்ததாம். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கல் படி இல்லாத வீடும் அதில் விழாத பிள்ளையும் கோத்தகிரியில் கிடையாது. என் தலையிலும் ஒன்று இருக்கிறது, என் லக்னத்தில் சனி இல்லை. போதாக்குறைக்கு அதே விதிப்படி இரண்டாம் இடத்துச் செவ்வாய் அவர் வலது கண்ணில் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை, வலது கண் நன்றாகவே இருக்கிறது.

தழும்பைவிட அது வந்த வயதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது. பூரட்டாதியில் பிறந்தவருக்குக் குரு தசை நடப்பில் இருக்கும். இவருக்கு அது ஏழு வயதில் முடிந்து சனி தசை பத்தொன்பது வருடம். தசை சந்திரனைப் பொறுத்தது, லக்னம் ரிஷபமா மிதுனமா என்பது அதை மாற்றாது. மாறுவது சனியின் பதவி. ரிஷப லக்னத்துக்குச் சனி ஒன்பது, பத்துக்கு அதிபதி, யோககாரகன். அவர் இரண்டில் இருந்து தசை நடத்தினால் ஏழிலிருந்து இருபத்தாறு வரை குடும்பம் செழித்து, படிப்பு நன்றாகப் போயிருக்க வேண்டும். மிதுன லக்னத்துக்குச் சனி எட்டுக்கும் ஒன்பதுக்கும் அதிபதி, உட்கார்ந்திருப்பது லக்னத்தில். தசை தொடங்கியதும் உடம்பில் அடி, அப்பா விஷயத்தில் கஷ்டம், சின்ன வயதிலேயே பெரிய ஆள் மாதிரி பொறுப்பு.

அவரைக் கேட்டேன். தசை தொடங்கிய அடுத்த வருடம் தலையில் அடி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, அப்பா படுத்துவிட்டார். பதினேழு வயதில் தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டுகளில் வேலை. "அப்பவே என்னைய எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க, என்னைய விடப் பெரியவங்க கூட" என்றார். லக்னத்துச் சனியைப் பற்றி யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பார்ப்பவர் கண்ணில் வயசு ஏறிவிடுகிறது, அதற்கேற்ற பாரத்தையும் அவர்களே தூக்கி வைத்துவிடுகிறார்கள். தோற்றம் தலையெழுத்தோடு சேரும் இடம் அதுதான்.

ஆக, மிதுனம் என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவில் முகட்டின் பங்கு பெரியது, சனி தசைச் சம்பவங்களின் பங்கு அடுத்தது, முகத்தின் பங்கு மூன்றாவது. முகத்தை முதலில் எழுதி வைத்திருந்ததால் மட்டுமே அதற்கு அந்த மூன்றாவது இடமும் கிடைத்தது.

அவர் வந்த காரணம் இன்னொன்று. ரிஷப லக்னத்துக்குச் சுக்கிரன் அதிபதி, வைரம் போட்டால் முகவசியம் வரும், கடை வைக்கலாம் என்று யாரோ சொல்லி, கடன் வாங்கி மோதிரம் செய்யப் போகிறாராம். முகவசியம் என்று ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பாவத்தில் இவ்வளவு வியாபாரமும் நடக்கிறது. லக்னம் மிதுனமானால் லக்னாதிபதி புதன், அவர் ஏற்கெனவே சொந்த வீட்டில் பலமாகத்தான் இருக்கிறார், அவருக்குக் கல் எதுவும் தேவைப்படவில்லை. கடை வைப்பதைப் பற்றி, வாடிக்கையாளர் முதல் தடவை வந்தால் இவர் முகத்தைப் பார்த்துத் தயங்குவார், இரண்டாம் தடவை தானாகவே வருவார், அதனால் தெரிந்த ஊரில் வைத்தால் ஓடும், கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்தால் ஓடாது என்று சொன்னேன். மோதிரத்துக்கு வைத்திருந்த பணத்தைச் சரக்கில் போடச் சொன்னேன்.

"அப்ப இந்தப் பழைய நோட்டை என்ன பண்றது தம்பி?"

கிழிக்க வேண்டாம் என்றேன். அதன் ஓரத்தில் "முற்றத்தில் வெயில் விழுந்தபின், கிழக்கே முகடு, 6.30 முதல் 6.45க்குள், மிதுனம்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு வேறு யாரிடம் கொண்டுபோனாலும், கணிப்பவர் எனக்குக் கிடைத்த அதே தகவலில் இருந்து தொடங்கட்டும்.